நாலு பேரை வைத்து நாற்பது பேர்

ஒரு கார்ட்டூன் படத்தில் பஸ் ஸ்டாண்ட் காட்சி. எட்டு வினாடிதான். கதாநாயகி பையோடு முன்னால் நிற்கிறாள், பின்னால் நாற்பது பேர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறார்கள். திரையில் ஒரு வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்திவைத்தால் வினாடிக்கு 12 படம் போதும். அப்படிச் சிக்கனம் பிடித்தாலும் ஒருவருக்கு 96 படம், நாற்பது பேருக்கு 3,840 படம். ஐந்தாறு பேர் வேலை செய்யும் ஸ்டூடியோ இந்த ஒரு ஷாட்டிலேயே படுத்துவிடும்.

ஆகவே நாற்பது பேரை யாரும் வரைவதில்லை. இரண்டு அடி எடுத்து வைத்து முதல் நிலைக்கே திரும்பும் நடையை ஒருமுறை வரைந்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். இதற்கு வாக் சைக்கிள் என்று பெயர். நம் காட்சிக்கு மூன்று நடையும் சும்மா நிற்கும் ஒரு ஆளும் போதும். வேலைக்கு ஓடுகிறவருக்கு 24 ஃப்ரேம், கூடை சுமக்கும் அம்மாவுக்கு 28, பெரியவருக்கு 32. மூன்று நடைக்கும் சேர்த்து 42 படம். நிற்கிறவருக்கு இன்னும் ஒரு எட்டு. 3,840 ஐம்பதாகிவிட்டது. சட்டை, புடவை நிறத்தை மாற்றினால் ஆளும் மாறிவிடுவார். பெரிய நிறுவனங்களும் இதைத்தான் செய்தன: 1996-இல் வந்த டிஸ்னியின் ‘தி ஹன்ச்பேக் ஆஃப் நாத்ர தாம்’ படத்தின் கூட்டத்தை, சில வகை ஆட்களையும் ஒரு தொகுதி அசைவுகளையும் கலந்து கம்ப்யூட்டரில் உருவாக்கினார்கள்.

சைக்கிள்களின் நீளம் ஏன் வெவ்வேறாக இருக்க வேண்டும்? எல்லோருக்கும் 24 என்று வைத்தால் கூட்டம் அணிவகுப்பாகிவிடும். 24-உம் 28-உம் ஒன்றாகத் தொடங்கினால் அடுத்து ஒன்றுசேர 168 ஃப்ரேம், அதாவது ஏழு வினாடி ஆகும். மூன்றும் ஒரே நேரத்தில் சந்திக்க 28 வினாடி வேண்டும். அதற்குள் நம் ஷாட் முடிந்தே போயிருக்கும்.

ஒரே நடையைப் பகிர்ந்துகொள்ளும் பத்துப் பேரை என்ன செய்வது? ஒவ்வொருவரையும் வேறு ஃப்ரேமில் தொடங்க வைக்கலாம். இதில் ஒரு பொறி உண்டு. 24 ஃப்ரேம் நடையில் ஒருவரைச் சரிபாதி, 12 ஃப்ரேம் தள்ளி வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் அப்போது இவருடைய இடது கால் தரையைத் தொடும் கணத்தில் அவருடைய வலது கால் தொடும். கால்தான் வேறு, தாளம் ஒன்றே, மறுபடியும் அணிவகுப்பு. 6 ஃப்ரேம் தள்ளினால் ஒருவர் கால் ஊன்றும்போது மற்றவர் காலைத் தூக்கிக்கொண்டிருப்பார். அப்படியும் இந்த இடைவெளி ஷாட் முழுக்க மாறாது என்பதால், ஒரே நடைக்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் விடாமல் இருப்பது நல்லது.

சைக்கிளைத் தயாரிப்பதிலும் ஒரு சின்ன வழுக்கல் உண்டு. கடைசிப் படமும் முதல் படமும் ஒன்றாகவே இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த நிலை இரண்டு மடங்கு நேரம் நிற்கும். நொண்டுகிற மாதிரி ஒரு திக்கல் தெரிந்தால் கடைசிப் படத்தை எடுத்துவிட வேண்டியதுதான்.

அதிகமாகக் காட்டிக்கொடுப்பது கால் சறுக்கல். சைக்கிளில் ஆள் நின்ற இடத்திலேயே நடக்கிறார். அவரை முன்னே நகர்த்துவது தனி வேலை. ஒரு சுற்றுக்கு அவர் 240 பிக்ஸல் கடக்கும்படி கால் வரையப்பட்டிருந்தால், 24 ஃப்ரேமில் ஃப்ரேமுக்குப் பத்து பிக்ஸல் நகர்த்த வேண்டும். தூரத்தில் இருப்பவர் என்று அவரை 60 சதவீதமாகச் சுருக்கினால் வேகமும் ஆறு பிக்ஸலாகக் குறைய வேண்டும். உருவத்தை மட்டும் சுருக்கிவிட்டு வேகத்தை மறந்தால் ஆள் பனிக்கட்டியில் வழுக்கிக்கொண்டு போவார். படம் இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் மாறுகிறது என்றால் நகர்வும் இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறையே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊன்றிய கால் நடுங்கும்.

எதிர்த்திசையில் நடப்பவருக்குப் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் போடுவது வழக்கம். இலவசமாகக் கிடைக்கும் ஆள்தான், ஆனால் புடவை முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், சட்டைப் பை வலது மார்புக்கு ஏறிவிடும். நம் ஊர்ப் பார்வையாளர் கண்ணில் இது உடனே உறுத்தும். அதனால் முந்தானை, பை, நிழல் ஆகியவற்றைத் தனி லேயரில் வரைந்து, திருப்பிய பிறகு சரியான பக்கத்தில் வைக்க வேண்டும். கூடையும் குடையும் அப்படியே தனி லேயர்தான். ஒரே சிவப்புக் குடை இரண்டு இடத்தில் தெரிந்தால் குட்டு உடைந்துவிடும். கண்ணில் படுகிற பொருளை ஒரே ஒருவருக்குக் கொடுப்பார்கள்.

நிற்கும் ஆளிடம் ஆசைப்படக் கூடாது. இரண்டு வினாடிக்கு ஒருமுறை தலையைச் சொறிகிறவரை யாரும் மறக்கமாட்டார்கள். எட்டு வினாடிக்கு ஒருமுறை கண் சிமிட்டி, ஒருமுறை காலை மாற்றி நின்றால் போதும்.

இந்த வித்தை செல்லாத இடமும் உண்டு. பஸ் ஒன்று கடைக்குள் புகுந்து எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால், சுற்றிச் சுற்றி வரும் நடையால் பயனில்லை. ஆளுக்கு ஆள் புதிதாக வரைய வேண்டும். அங்கே சின்ன ஸ்டூடியோக்கள் ஷாட்டையே மாற்றிவிடுகின்றன. கூட்டத்தைக் காட்டாமல், வாயைப் பிளந்த மூன்று முகங்களை நெருக்கத்தில் வைத்து, இடிக்கும் சத்தத்தை வெளியிலிருந்து கேட்க வைத்தால் செலவு அங்கேயே நின்றுவிடும்.