‘ரெஃபர் பண்ணிட்டேன்’ என்று சொன்ன பிறகு

“மச்சி, உன்னை எங்க கம்பெனில ரெஃபர் பண்ணிட்டேன்.” ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும். பாதி வேலை கிடைத்துவிட்டது என்று நண்பர் நினைத்துக்கொள்வார். பல நிறுவனங்களில் அப்போது விண்ணப்பமே பதிவாகியிருக்காது.

ஊழியர் உள் தளத்தில் ரெஸ்யூமை ஏற்றியதும் நண்பரின் முகவரிக்குத் தானாக ஒரு மெயில் போகும். அதிலுள்ள இணைப்பைத் திறந்து விவரங்களை நிரப்பினால்தான் விண்ணப்பம் உருவாகும். அந்த மெயில் ஸ்பாமுக்குள் போய்விடுவதும் உண்டு. ஆகவே செய்தி இப்படி இருந்தால் நல்லது: “சீனியர் டெஸ்டர் வேலை, சோழிங்கநல்லூர் ஆபீஸ். ஜாப் ஐ.டி. கீழே இருக்கு. மெயில் வரும், ஸ்பாம்லயும் பாரு. அந்த லிங்க் வழியா மட்டும் அப்ளை பண்ணு, வெப்சைட்ல தனியா போடாதே.”

கடைசி வரிக்குக் காரணம் இருக்கிறது. ஆட்சேர்ப்பு மென்பொருள் பெரும்பாலும் ஒருவரை மெயில் முகவரியையும் கைபேசி எண்ணையும் வைத்தே அடையாளம் கண்டு, முதலில் வந்த வழியின் கணக்கிலேயே வைக்கிறது. நண்பர் மூன்று மாதம் முன்பு ஒரு கன்சல்டன்சிக்கு ரெஸ்யூம் கொடுத்தார், அவர்கள் அதை இதே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட காலத்துக்கு, பல இடங்களில் ஆறு மாதம், அவர் கன்சல்டன்சி கொண்டுவந்த ஆளாகவே கணக்கில் இருப்பார். உங்கள் பரிந்துரை ‘டூப்ளிகேட்’ என்று நின்றுவிடும். “வேற யார் மூலமாவது இங்கே போட்டிருக்கியா?” என்று முன்பே கேட்டுவிடுவதுதான் வழி.

அடுத்து ஹெச்.ஆர். அழைப்பு. இப்போதைய சம்பளம், எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட் மூன்றையும் முதலிலேயே கேட்பார்கள். நண்பருக்கு 90 நாள் நோட்டீஸ் என்றால், அதைக் குறைக்க முடியுமா என்று தன் அலுவலகத்தில் விசாரித்து வைத்திருக்கட்டும். “பேசிப் பார்க்கிறேன்” என்ற பதிலைவிட ஒரு தேதி சொல்வது மேல். நீங்கள் பரிந்துரையில் அவரைப் பற்றி எழுதியதையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஆட்டோமேஷன் தெரியும் என்று நீங்கள் எழுதியிருக்க, அவர் மேனுவல் டெஸ்டிங் மட்டும்தான் என்று சொன்னால் இருவருக்கும் சங்கடம்.

பணம் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். நண்பர் சேர்ந்து சில மாதம் நீடித்தால் உங்களுக்கு ரெஃபரல் போனஸ் வரும் என்பதை அவர் பிறர் வாயால் கேட்க வேண்டியதில்லை. அவரோ யாருக்கும் ஒரு பைசா தர வேண்டாம். ‘டெபாசிட்’ கேட்டு அழைப்பு வந்தால் அது மோசடி.

பிறகு வாரக்கணக்கில் மௌனம் நீளலாம். உங்கள் திரையில் ‘பரிசீலனையில்’ என்ற நிலை மட்டுமே தெரியும், காரணம் தெரியாது. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் தினமும் “என்ன ஆச்சு?” என்று கேட்க மாட்டார். அந்தப் பணியிடத்தையே நிறுத்தி வைத்துவிட்டாலும் பல சமயம் அதே நிலைதான் காட்டும். அப்போது வேறொரு ஜாப் ஐ.டி.க்குப் புதிதாக ரெஃபர் செய்ய வேண்டியிருக்கும். பழைய பரிந்துரை தானாக அங்கே போகாது.