மூன்று மாதம் கழித்து வரும் டாலருக்கு இன்றே விலை

திருப்பூரிலிருந்து பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்துக்கு அமெரிக்க வாடிக்கையாளரிடமிருந்து 90 நாளில் 1,00,000 டாலர் வர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு டாலர் என்ன விலைக்குப் போகும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த டாலரை வாங்கிக்கொள்ள வங்கி இன்றே ஒரு விலையை ஒப்புக்கொள்ளும். அதுதான் ஃபார்வர்டு விலை. கையோடு வாங்கி விற்கும் இன்றைய விலைக்கு ஸ்பாட் என்று பெயர். ஃபார்வர்டு விலையை வங்கி ஊகித்துச் சொல்வதில்லை. ஸ்பாட் விலையையும் இரண்டு நாட்டு வட்டியையும் வைத்துக் கணக்குப் போட்டே சொல்கிறது.

உதாரணத்துக்கு ஸ்பாட் விலை 84 ரூபாய், ரூபாய்க்கு ஆண்டு வட்டி 6.5 சதவீதம், டாலருக்கு 4.5 சதவீதம் என்று கொள்ளலாம். ஒருவரிடம் 84 லட்சம் ரூபாய் இருந்தால் அதை 90 நாள் போட்டு வைக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ரூபாயாகவே வட்டிக்கு விடுவது. ரூபாய்க் கணக்கில் ஆண்டுக்கு 365 நாள். 90 நாள் வட்டி 1,34,630 ரூபாய் ஆகும். முடிவில் கையில் 85,34,630 ரூபாய் இருக்கும்.

இரண்டாவது வழி, இன்றே டாலராக மாற்றி அதை வட்டிக்கு விடுவது. 84 லட்சம் ரூபாய்க்கு 1,00,000 டாலர் கிடைக்கும். டாலர்ச் சந்தையில் ஆண்டுக்கு 360 நாள் என்பது வழக்கம். ஆகவே 90 நாள் என்பது சரியாகக் கால் ஆண்டு. வட்டி 1,125 டாலர், முடிவில் 1,01,125 டாலர்.

இந்த 1,01,125 டாலரை ஃபார்வர்டு விலையில் ரூபாயாக மாற்றினால் முதல் வழியில் கிடைத்த அதே தொகை வர வேண்டும். 85,34,630-ஐ 1,01,125-ஆல் வகுத்தால் 84.3968 வருகிறது. அதுவே ஃபார்வர்டு விலை. ஸ்பாட்டை விடக் கூடுதலாக இருக்கும் சுமார் 39.7 காசை பிரீமியம் என்பார்கள். சூத்திரமாக எழுதினால்:

ஃபார்வர்டு = ஸ்பாட் × (1 + ரூபாய் வட்டி × நாள் ÷ 365) ÷ (1 + டாலர் வட்டி × நாள் ÷ 360)

இரண்டு வழியும் ஏன் சமமாக வேண்டும்? ஃபார்வர்டு விலை 85 ரூபாய் என்று சந்தையில் இருந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தாலே புரியும். 84 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, டாலராக மாற்றி வட்டிக்கு விட்டு, 90 நாளில் வரப்போகும் 1,01,125 டாலரை இன்றே 85-க்கு விற்று ஒப்பந்தம் போட்டுவிடலாம். அப்போது 85,95,625 ரூபாய் வரும். கடனும் வட்டியுமாக 85,34,630 ரூபாயைக் கட்டிய பிறகும் கிட்டத்தட்ட 61,000 ரூபாய் மிஞ்சும். விலை ஏறுமா இறங்குமா என்ற கவலையே இல்லாத லாபம் இது. இதைப் பார்க்கும் எல்லோரும் ஸ்பாட்டில் வாங்கி ஃபார்வர்டில் விற்க வருவார்கள். ஃபார்வர்டு விலை தானாக இறங்கி 84.40-ஐ ஒட்டி வந்து நிற்கும்.

கணக்கில் வழக்கமாக இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. ஒன்று, மேலே வர வேண்டிய வட்டியும் கீழே வர வேண்டிய வட்டியும் இடம் மாறிவிடுவது. வட்டி அதிகமுள்ள நாணயம் ஃபார்வர்டில் மலிவாகத்தான் இருக்க வேண்டும். இங்கே ரூபாய்க்கு வட்டி அதிகம், ஆகவே டாலருக்குக் கூடுதல் ரூபாய் கொடுக்க நேர வேண்டும். விடை 84-க்குக் கீழே வந்தால் சூத்திரம் தலைகீழாகப் போய்விட்டது என்று பொருள். இன்னொன்று, டாலருக்கும் 365 நாள் என்று போட்டுவிடுவது. அப்படிப் போட்டால் பிரீமியம் 41 காசு ஆகிவிடும். ஒரு லட்சம் டாலருக்கு இந்த வித்தியாசம் 1,300 ரூபாயை நெருங்கும்.

வங்கி சொல்லும் விலை இந்த விடையோடு அச்சாகப் பொருந்தாது. வங்கி வாங்கும் விலையும் விற்கும் விலையும் வேறு; கடனுக்கும் வைப்புக்கும் வட்டி வேறு; வங்கி தன் பங்குக்குச் சில காசு எடுத்துக்கொள்ளும். தவிர, இந்தியாவில் ரூபாயையும் டாலரையும் யாரும் நினைத்தபடி கடன் வாங்கி மாற்றிவிட முடியாது. அதனால் இறக்குமதியாளர்கள் திரளாக ஃபார்வர்டில் டாலர் வாங்க முனையும்போதோ, ரிசர்வ் வங்கி அந்தச் சந்தையில் இறங்கும்போதோ பிரீமியம் வட்டி வித்தியாசத்திலிருந்து சற்று விலகி நிற்கலாம்.

84.40 என்பது மூன்று மாதம் கழித்து டாலர் விற்கப்போகும் விலை பற்றிய ஆரூடம் அல்ல. அன்றைக்கு ஸ்பாட் 82 ஆகலாம், 87-உம் ஆகலாம். எப்படியானாலும் ஒப்பந்தம் போட்ட ஏற்றுமதியாளருக்கு 1,00,000 டாலருக்கு, வங்கியின் பங்கு போக, ஏறக்குறைய 84.40 லட்சம் ரூபாய் கிடைக்கும்.