நூல் விலை ஏறினால் யார் மீது குற்றம்?

2021-22இல் நூல் விலை ஏறியபோது திருப்பூர் பனியன் கம்பெனிகளின் பழைய கணக்குகள் தடுமாறின. ஓர் உதாரணக் கணக்கு இது. 5,000 சட்டைக்கு 1,000 கிலோ நூல், கிலோ 250 ரூபாய் என்று நியமச் செலவு வைத்திருந்தார்கள். ஆனது 1,040 கிலோ, வாங்கியது 345 ரூபாய்க்கு. கூடுதல் செலவு 1,08,800 ரூபாய்.

பழைய முறைப்படி இதில் 98,800 ரூபாய் கொள்முதல் அதிகாரி தலையில் விழும். ஆனால் அந்த மாதச் சந்தை விலையே 350 ரூபாய். அதனால் நியமத்தை 350 ஆகத் திருத்திக்கொண்டு பிரித்துப் பார்க்க வேண்டும்.

1,000 கிலோவுக்குத் தலா 100 ரூபாய் வீதம் 1,00,000 ரூபாய் திட்ட மாறுபாடு. இது கணிப்பு தவறியதால் வந்தது, ஆலையில் யாருடைய தவறும் இல்லை. மீதி 8,800தான் செயல்பாட்டு மாறுபாடு. அதற்குள் அதிகாரி கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்து வாங்கி 5,200 ரூபாய் மிச்சப்படுத்தியிருக்கிறார். வீணான 40 கிலோதான் 14,000 ரூபாயைத் தின்றிருக்கிறது. பழைய கணக்கு அதை 10,000 என்று குறைத்துக் காட்டியது.

ஒரு எச்சரிக்கை: திருத்திய விலையைச் சந்தை விலைப்பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். நாம் கொடுத்த விலையையே நியமமாக்கினால், மோசமான கொள்முதலும் திட்ட மாறுபாட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.