தடிமனைப் பார்த்த பிறகுதான் நீளம்

சின்ன மீன் தொட்டி ஒன்று, ஓர் அலுமினியத் தகடு, கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால், இரண்டு மூன்று கிலோ ட்ரை ஐஸ், ஓர் எல்.இ.டி. டார்ச். இவ்வளவு இருந்தால் அணுக்கருவிலிருந்து பாய்ந்து வரும் துகள் போன வழியை வீட்டிலேயே வெறுங்கண்ணால் பார்த்துவிடலாம். இந்தக் கருவிக்கு மேக அறை என்று பெயர். செய்வதைவிட, அதில் தெரியும் கோடுகளில் எது எது என்று பிரித்தறிவதுதான் கடினம்.

ஸ்காட்லாந்துக்காரரான சி.டி.ஆர். வில்சன் 1911இல் இப்படித் துகள்களின் தடத்தை முதன்முதலாகப் படம்பிடித்தார். 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய அறையில் காற்றைச் சட்டென்று விரியவிட்டுக் குளிர வைக்க வேண்டும். தடம் கண நேரமே தெரியும். அமெரிக்கரான அலெக்சாண்டர் லாங்ஸ்டார்ஃப் 1939இல் வெளியிட்ட முறையில் அறை இடைவிடாமல் வேலை செய்யும். வீட்டில் நாம் செய்வது அந்த வகைதான்.

அறையின் மேல்பக்கம் வெதுவெதுப்பாகவும் அடித்தகடு கடுங்குளிராகவும் இருக்கும். மேலே நனைந்திருக்கும் துணியிலிருந்து ஆல்கஹால் ஆவியாகிக் கீழே இறங்கும். தகட்டுக்கு மேல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு, ஆவி துளியாக மாறத் தயாராக இருந்தும் பற்றிக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு துகள் ஊடுருவிப் போனால், வழியில் உள்ள காற்று மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி அயனிகளை விட்டுச் செல்லும். ஒவ்வொரு அயனியையும் சுற்றி ஆவி துளியாகத் திரளும். வானத்தில் விமானம் போன பிறகு வெள்ளைக்கோடு நிற்பதைப் போலத்தான் இதுவும்: நாம் பார்ப்பது துகளை அல்ல, அது போன வழியை.

தொட்டி பதினைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வேண்டாம். அதைக் கவிழ்த்து வைக்கப் போவதால், உள்ளே அடிப்பக்கத்தில் கம்பளித் துணிப் பட்டைகளைக் கம்பியால் கட்டிவிடுங்கள். பசையை ஆல்கஹால் கரைத்துவிடும். தகட்டின் மேல்முகம் கறுப்பாக இருக்க வேண்டும். எலக்ட்ரிக்கல் டேப்பை வரிசையாக ஒட்டினாலே போதும். தெர்மகோல் பெட்டியில் ட்ரை ஐஸைத் தூளாக்கிச் சமமாகப் பரப்பி, அதன்மேல் தகட்டை அழுத்தி வையுங்கள். கட்டிகளாக விட்டால் தகடு ஆங்காங்கே மட்டும் குளிரும். துணியை ஊற நனைத்துத் தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிலும் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். டார்ச் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து தகட்டை உரசினாற்போல் விழ வேண்டும்.

ஆல்கஹால் 99 சதவீதம் தூய்மையாக இருக்க வேண்டும். கை கழுவ விற்கும் 70 சதவீதச் சரக்கில் தண்ணீர் அதிகம், அது உதவாது. ட்ரை ஐஸின் குளிர் மைனஸ் 78 டிகிரி என்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது. அது கார்பன் டை ஆக்சைடாக மாறிக்கொண்டே இருக்கும். எனவே ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது.

மூடிப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். முதலில் தகட்டை ஒட்டித் தூறல் போலத் துளிகள் விழும். தூறலே வரவில்லை என்றால் தகடு போதிய அளவு குளிரவில்லை, அல்லது துணி காய்ந்துவிட்டது. பனிமூட்டம் சுழன்று சுழன்று ஓடினால் எங்கோ காற்று கசிகிறது. ஓரத்தில் அடைப்பைச் சரிபார்க்கவும். தூறல் இருந்தும் கோடு தெரியவில்லை என்றால், பெரும்பாலும் வெளிச்சத்தின் கோணம்தான் சரியில்லை. டார்ச்சை இன்னும் தாழ்த்திப் பாருங்கள்.

கோடுகள் தெரிய ஆரம்பித்ததும் பலரும் செய்வது நீளத்தை வைத்து முடிவு கட்டுவது. அது ஏமாற்றும். நமக்குத் தெரிவது ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள படலம் மட்டுமே. மேலிருந்து செங்குத்தாக இறங்கும் எந்தத் துகளும் அதில் ஒரு சிறு கீற்றாகத்தான் தெரியும். ஆகவே முதலில் தடிமனையும், அடுத்து வடிவத்தையும், கடைசியில் நீளத்தையும் பாருங்கள்.

ஆல்ஃபா துகள் கனமானது, மெதுவானது. ஒரு சென்டிமீட்டர் பயணத்தில் பல்லாயிரம் அயனிகளை உண்டாக்கும். அதே தூரத்தில் மியூவான் உண்டாக்குவது நூறுக்கும் குறைவு. இத்தனை பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தப்பாது. பளிச்சென்ற தடித்த நேர்கோடு, நாலைந்து சென்டிமீட்டருக்குள் முடிந்துவிட்டால் அது ஆல்ஃபா. வீட்டுக் காற்றில் இயல்பாக உள்ள ரேடான் வாயுவே அவ்வப்போது ஒன்றிரண்டைக் காட்டும்.

பீட்டா என்பது வேகமான எலக்ட்ரான். அதன் தடம் மெலிந்து, விட்டுவிட்டுத் தெரியும். எடை குறைவு என்பதால் வேகம் தணியத் தணிய வழியில் உள்ள அணுக்கள் அதைத் திருப்பிவிடும். கோடு கோணல்மாணலாக நெளிந்து முடியும். சுவரிலிருந்தும் மண்ணிலிருந்தும் வரும் காமா கதிர்கள் அறைக்குள் தட்டிவிடும் எலக்ட்ரான்களும் இப்படித்தான் தெரியும். அதனால் கதிரியக்கப் பொருள் எதுவும் வைக்காமலே இவை நிறைய வரும்.

மியூவான், வானின் உயரத்தில் காஸ்மிக் கதிர்கள் மோதிப் பிறப்பது. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று விழுகிறது. மெலிந்த, பிசகாத நேர்கோடு அறையின் இந்த ஓரம் தொட்டு அந்த ஓரம் வரை போனால் அதை மியூவான் எனலாம். ஆனால் பெரும்பாலானவை மேலிருந்து இறங்குவதால் அப்படிப்பட்ட நெடுங்கோடு அபூர்வம்.

உறுதியான சோதனை வேண்டுமானால் தோரியம் உதவும். தோரியம் கலந்த பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில் கிடைத்தால், எரிக்காமல், மூடியுள்ள அமுக்கும் பாட்டிலில் போட்டுச் சில நிமிடம் வைத்து, உள்ளே சேர்ந்த காற்றை மட்டும் மெல்லிய குழாய் வழியே அறைக்குள் அனுப்பலாம். (எரித்த மேண்டில் தூளாகும், அதை மூச்சில் இழுக்கக் கூடாது. இன்று விற்கும் பலவற்றில் தோரியமே இருப்பதில்லை.) தோரியத்திலிருந்து பிறக்கும் தோரான் வாயு ஓர் ஆல்ஃபாவை விட்டு பொலோனியம்-216 ஆகும். அது சராசரியாகக் கால் நொடிக்குள்ளேயே இன்னோர் ஆல்ஃபாவை விடும். அணு அதற்குள் அதிகம் நகர்ந்திருக்காது. ஆகவே ஒரே புள்ளியிலிருந்து இரண்டு தடித்த கோடுகள் கவட்டை வடிவில் விரியும். சாதாரண ரேடானின் அடுத்த சிதைவுக்கோ சில நிமிடங்கள் ஆகும். அதில் இந்தக் கவட்டை வராது. தடத்தின் வடிவமே எந்த வாயு என்று சொல்லிவிடுகிறது.

இந்த அறைக்கு எட்டாத ஒன்றும் உண்டு. வேகமான எலக்ட்ரானும் மெலிந்த நேர்கோடுதான் போடும்; தனி ஒரு கோட்டைக் காட்டி இது மியூவான்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. தகட்டுக்கு அடியில் வலுவான நியோடைமியம் காந்தம் வைத்தால் மெதுவான எலக்ட்ரான்கள் சில சென்டிமீட்டர் ஆரத்தில் வளையும். மியூவானின் ஆற்றல் சராசரியாக அதைப்போல் பல ஆயிரம் மடங்கு. அது துளிகூட வளைந்ததாகத் தெரியாது. எனவே வளைந்தது எலக்ட்ரான் என்று காந்தம் காட்டிக்கொடுக்கும். வளையாதது எல்லாம் மியூவான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.