மாத்திரை மாறியதும் கொலஸ்ட்ரால் ஏறுவது ஏன்?

மார்பகப் புற்றுநோய்க்குச் சில ஆண்டுகள் டாமோக்சிஃபென் சாப்பிட்ட பெண்ணுக்கு, மாதவிடாய் நின்றபின் லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல் எழுதித் தருவது வழக்கம். அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் ஏறியிருக்கும். புது மாத்திரைமேல் பழி விழும்.

கணக்கைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். டாமோக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது; ஆனால் கல்லீரலில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே வேலை செய்கிறது. அதனால் கல்லீரல் ரத்தத்திலிருந்து கூடுதலாக எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. பலருக்கு எல்டிஎல் 15 முதல் 20 சதவீதம்வரை குறையும். லெட்ரோசோல் வகை மருந்துகளோ உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே நிறுத்துகின்றன. கல்லீரலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

58 வயதுப் பெண் ஒருவரை வைத்துப் பார்ப்போம். நோய் வருவதற்கு முன் அவருடைய எல்டிஎல் 135. டாமோக்சிஃபென் காலத்தில் 110. மாத்திரை மாறிய நான்காம் மாதம் 138. கடைசி இரண்டு அறிக்கைகளை மட்டும் பார்த்தால் 28 புள்ளி ஏற்றம். முதல் அறிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் ஏற்றம் வெறும் 3. பழைய அறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது இதற்குத்தான்.

பெரிய ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. லெட்ரோசோலை டாமோக்சிஃபெனோடு ஒப்பிட்ட பிக் 1-98 ஆய்வில், கொலஸ்ட்ரால் கூடியதாகப் பதிவானவர்கள் லெட்ரோசோல் பக்கம் நூற்றுக்கு சுமார் 43 பேர், மறுபக்கம் 19 பேர். பெரும்பாலும் லேசான ஏற்றம். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட எம்.ஏ.17 ஆய்விலோ இரு பக்கமும் ஏறத்தாழ 16. ஆனால் ஏற்றத்துக்குக் காரணம் எதுவானாலும் 138 என்பது 138தான். சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ இருந்தால் மருத்துவர் ஸ்டாடின் தொடங்கலாம். அதற்காக லெட்ரோசோலை நிறுத்த வேண்டியதில்லை. தானாக நிறுத்துவதுதான் ஆபத்து.

டாமோக்சிஃபென் முழு நல்லபிள்ளையும் அல்ல. ட்ரைகிளிசரைடு என்னும் இன்னொரு கொழுப்பை அது ஏற்றிவிடும். பெரும்பாலோருக்கு இது சிறிய மாற்றம். ஏற்கெனவே ட்ரைகிளிசரைடு கூடுதலாக இருந்தவர்கள், கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர்கள், மது அருந்துபவர்கள் ஆகியோரில் சிலருக்கு அது 1000-ஐத் தாண்டிக் கணைய அழற்சியில் கொண்டுபோய் விடும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலி, ஓயாத வாந்தி இரண்டும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு பரிசோதனைச் சிக்கலும் உண்டு. பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை; மற்ற அளவுகளிலிருந்து கணக்கிடுகின்றன. ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் வழக்கமான அந்தக் கணக்கு பொய்க்கும். அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ட்ரைகிளிசரைடையும் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்க வேண்டும்.