மின் ரூபாயும் யுபிஐயும்

கடையில் 70 ரூபாய்க்குக் காய்கறி வாங்கி, யுபிஐ செயலியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்கிறீர்கள். செயலிக்குள் பணம் இல்லை. உங்கள் கட்டளைப்படி வங்கி உங்கள் கணக்கில் 70 ரூபாயைக் கழிக்கிறது. பாஸ்புத்தகத்தில் அதற்கென ஒரு வரி பதிவாகிறது.

ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1-ஆம் தேதி பொதுமக்களுக்காகச் சோதனை முறையில் தொடங்கிய மின் ரூபாய் வேறு வகை. அதன் வாலட்டில் கணக்கிலிருந்து 500 ரூபாய் ஏற்றினால், அந்தத் தொகை அப்போதே கணக்கைவிட்டு வெளியேறிவிடுகிறது. ஏடிஎம்மில் எடுத்த நோட்டைச் சட்டைப்பையில் வைத்ததற்குச் சமம். இனி அது வங்கியின் பொறுப்பல்ல, ரிசர்வ் வங்கியின் பொறுப்பு. அதிலிருந்து அதே 70 ரூபாயைக் கொடுத்தால், பாஸ்புத்தகத்தில் 500 ரூபாய் ஏற்றியது மட்டுமே தெரியும். காய்கறிச் செலவு வாலட்டின் பதிவில் இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்துக்கு வட்டி உண்டு, வாலட்டில் உள்ள மின் ரூபாய்க்கு வட்டி கிடையாது. ஆகவே அன்றாடச் செலவுக்குத் தேவையானதை மட்டும் அதில் ஏற்றுங்கள். மீதி கணக்கிலேயே இருக்கட்டும்.