ஆட்டோவில் வரும் அரை நிமிடம்

பள்ளி ஆண்டு முடியும் பருவத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தெருக்களில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள் சுற்றத் தொடங்கிவிடும். ஒன்றில் தனியார் பள்ளி, அடுத்ததில் அரசுப் பள்ளி. முன்பு தனியார் பள்ளிகள் மட்டும்தான் இப்படி வீதிக்கு வந்தன. இப்போது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும், பிறகு பள்ளியே மூடப்படலாம் என்ற கவலை அவர்களுக்கு. அந்த ஆட்டோ என்ன பேச வேண்டும் என்பதை எழுதிக்கொடுக்கும் வேலை பெரும்பாலும் நன்றாகத் தமிழ் எழுதக்கூடிய ஓர் ஆசிரியர் தலையில் விழுகிறது. அவரும் ‘பெரியோர்களே, தாய்மார்களே’ என்று தொடங்கி, கல்வியின் சிறப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிடுகிறார்.

அதில்தான் முதல் கோளாறு. ஆட்டோ மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தாலும் ஒரு நொடிக்கு மூன்று மீட்டர் நகர்ந்துவிடும். ஒரு வீட்டு வாசலுக்கு ஐம்பது மீட்டர் முன்னாலிருந்து ஐம்பது மீட்டர் தாண்டிப் போகும்வரை பேச்சு தெளிவாகக் கேட்கும் என்று வைத்துக்கொண்டால், அங்கே நிற்பவருக்குக் கிடைப்பது அரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். நிதானமாகப் படித்தால் அதற்குள் ஐம்பது, அறுபது சொற்கள்தான் அடங்கும். ஐந்து நிமிட உரையை ஓடவிட்டால் ஒரு வீட்டுக்குக் கல்வியின் சிறப்பு மட்டும் கேட்கும், அடுத்த வீட்டுக்குத் தொலைபேசி எண் மட்டும் கேட்கும். பள்ளியின் பெயரே காதில் விழாத வீடுகள்தான் அதிகம் இருக்கும்.

ஆகவே, ஒரே உரை வேண்டாம். அரை நிமிடத் துண்டுகளாக மூன்று போதும். நேரத்துக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று, பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்பதற்கு ஒன்று. ஒவ்வொரு துண்டும் பள்ளியின் பெயரில் தொடங்கி, பெயரிலேயே முடிய வேண்டும்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் 46, ஆசிரியர் இருவர். தாய்மார்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் போகிறவர்கள். அந்த வீட்டில் காலை ஏழரை மணி எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் முதல் துண்டு தானாக வந்துவிடும்.

“வணக்கம்மா. நம்ம ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலிருந்து பேசுறோம். காலையில வேலைக்குக் கிளம்பணும், பிள்ளைக்கு டிபனும் செய்யணுமா? எட்டரைக்கு நம்ம பள்ளி திறந்திருக்கும். டிபன் அங்கேயே சூடா கிடைக்கும். மதியம் முட்டையோட சாப்பாடு. சாயந்திரம் நாலு பத்துக்கு மணி அடிப்போம். ஒண்ணாம் வகுப்பு முதல் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் சேர்க்கிறோம். நம்ம ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளி.”

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. இந்த வரலாறு துண்டறிக்கையில் இருக்கலாம், ஆட்டோவில் வேண்டாம். தாய்க்கு வேண்டியது தேதி அல்ல, எட்டரை என்ற மணி. அந்த மணியும் உண்மையாக இருக்க வேண்டும். கம்பெனி வேன் எட்டு மணிக்கே வருகிறது, பள்ளி திறப்பது எட்டரைக்கு என்றால், நடுவிலுள்ள அரை மணி நேரம் பிள்ளை யாரிடம் இருக்கும் என்று அந்தத் தாய் மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவாள். மாலையிலும் அதே கேள்விதான். மணி அடிப்பது 4.10க்கு, அவள் வீடு திரும்புவது ஆறரைக்கு. பல வீடுகளில் பிள்ளை தனியார் பள்ளிக்குப் போவதற்கு ஆங்கிலத்தைவிட இந்த இரண்டு மணி நேரம்தான் காரணம் என்பது என் எண்ணம். அங்கே வேன் வந்து வாசலில் இறக்கிவிடும், சில பள்ளிகளில் மாலைப் படிப்பும் உண்டு. தொடக்கப் பள்ளி அதற்கு ஏற்பாடு செய்ய முடிந்தால், யார் இருப்பார், எத்தனை மணிவரை என்று எழுதட்டும். முடியாவிட்டால் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே மேல். ஜூன் மாதத்தில் பூட்டிய வாசலில் பிள்ளை நின்றால் அந்தத் தெருவில் அடுத்த ஆண்டு ஆட்டோ போய்ப் பயனில்லை.

செலவுத் துண்டு எளிது என்று தோன்றும். ‘கட்டணம் இல்லை, எல்லாம் இலவசம்’ என்று முடித்துவிடலாம். ஆனால் இலவசம் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு நம் மக்களுக்கு அதன்மேல் ஒரு சந்தேகம் இருக்கிறது. பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணிக்காட்டினால்தான் அது நம்பும்படி ஆகும்: பாடப்புத்தகம், நோட்டு, நான்கு செட் சீருடை, பை, காலணி, கிரையான். கூடவே ஒரு வரி: “சீருடை வர நாளாகலாம், அதுவரைக்கும் வீட்டு உடுப்பு போதும்.” குறையைத் தானே முன்வந்து சொல்லும் அந்த வரிதான் மற்றவற்றையும் நம்பவைக்கும்.

தனியார் பள்ளி உரையில் இதற்கு நேர்மாறான தந்திரம் நடக்கும். ‘மாதம் 1,500 ரூபாய் மட்டுமே’ என்று ஆட்டோ கூவுகிறது. ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். பன்னிரண்டு மாதத்துக்கு 18,000. புத்தகம், நோட்டு 4,500. சீருடையும் ஷூவும் 3,500. வேன் மாதம் 900 வீதம் பதினொரு மாதம், 9,900. சேர்க்கையின்போது ஒரு முறை 3,000. கூட்டினால் 38,900. மாதத்துக்கு ஏறக்குறைய 3,240 ரூபாய், கூவியதில் இரண்டு மடங்குக்கு மேல். இவை உதாரணத்துக்குப் போட்ட தொகைகள், பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆனால் எந்தெந்தத் தலைப்பில் பணம் போகும் என்பது மாறாது. நேர்மையான தனியார் பள்ளி முழு ஆண்டுத் தொகையை ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். அப்படிச் சொல்லும் பள்ளியின் உரையை நான் அதிகம் கேட்டதில்லை.

பெற்றோருக்கு இங்கே ஒரு பிடி இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முறைப்படுத்த 2009இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான குழு பள்ளிக்குப் பள்ளி கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். ‘குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு? ரசீது தருவீர்களா?’ என்று அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேட்டால் போதும், ஆட்டோவில் கேட்ட எண்ணுக்கும் உண்மை எண்ணுக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். கல்வி உரிமைச் சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: சேர்க்கைக்காகப் பிள்ளைக்குத் தேர்வோ பெற்றோருக்கு நேர்காணலோ வைக்கக் கூடாது. ‘நுழைவுத் தேர்வு உண்டு’ என்று பெருமையாகச் சொல்லும் உரை தன் குற்றத்தைத் தானே விளம்பரப்படுத்திக்கொள்கிறது.

மூன்றாவது துண்டில்தான் எழுதுபவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். ‘சிறந்த உள்கட்டமைப்பு, காற்றோட்டமான வகுப்பறை, ஸ்மார்ட் கிளாஸ்’ என்று எழுதினால் எந்தப் பள்ளிக்கும் அது பொருந்தும், அதனால் எதற்கும் பொருந்தாது. பெண் பிள்ளையைப் பெற்றவர் கேட்பது கழிவறையைப் பற்றி. எத்தனை இருக்கிறது, தாழ்ப்பாள் விழுமா, குழாயில் தண்ணீர் வருமா, யார் கழுவுகிறார்கள். “பெண் பிள்ளைங்களுக்கு ரெண்டு கழிவறை, தாழ்ப்பாள் இருக்கு, தண்ணி வருது. வந்து பாருங்க” என்ற வரி ஸ்மார்ட் கிளாஸைவிட அதிகம் வேலை செய்யும். அதை எழுதும் முன் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட வேண்டும் என்பது தனிச் செய்தி.

ஆசிரியர் எண்ணிக்கையை எல்லாரும் மறைக்கப் பார்க்கிறார்கள். ‘ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு, எப்படி நடத்துவீங்க?’ என்று ஊர் கேட்கும். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்திலுள்ள கணக்கு, ஆனால் பெற்றோரிடம் சட்டத்தைக் காட்டி வாயடைக்க முடியாது. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிந்து பயிற்சி செய்வதைக் காட்டலாம். அதை ஒலிபெருக்கியில் விளக்க முடியாது. வாசலில் நின்று பேசும்போதுதான் முடியும்.

வாசல் பேச்சுக்கு எழுதப்பட்ட உரை உதவாது. சில பதில்களை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளலாம்.

“அக்கா, பாப்பாவுக்கு என்ன வயசு?” என்றுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். ஜூலை 31க்குள் ஐந்து வயது முடிகிறதா என்பது முதல் வகுப்புக்குத் தேவை.

“அஞ்சு முடிஞ்சிருச்சுங்க டீச்சர். ஆனா ப்ரைவேட்ல இங்கிலீஷ் நல்லா வருதுன்னு அவங்கப்பா சொல்றாரு.”

“வெள்ளிக்கிழமை அண்ணனையும் கூட்டிட்டு வாங்க அக்கா. மூணாம் வகுப்புப் பிள்ளைகிட்ட நீங்களே ஒரு புத்தகத்தைக் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. தமிழ், இங்கிலீஷ் ரெண்டும்.”

இதற்கு மேல் அந்தத் தனியார் பள்ளியைக் குறை சொன்னால் பேச்சு கெட்டுவிடும். மூத்த பிள்ளையை அங்கே அனுப்பியவர்களின் முடிவையே குறை சொன்னதாக ஆகும். வெள்ளிக்கிழமை பிள்ளை திணறினால் என்ன செய்வது என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். அப்படியானால் விளம்பரத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை வகுப்பறையில் இருக்கிறது.

தொடக்கப் பள்ளிப் பதாகைகளில் அடிக்கடி காணும் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் ஆகியவற்றை ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கான காரணமாகப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். இவற்றுக்கு அடிப்படைத் தகுதி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளி அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டால், பிள்ளையை ஆறாம் வகுப்பில் வேறிடத்துக்கு மாற்றும் பெற்றோர் பின்னால் ஏமாந்துபோவார்கள். பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் பெயரைச் சேர்த்து, ‘ஆறாம் வகுப்பிலிருந்து’ என்ற நிபந்தனையையும் எழுதினால் சரி.

ஆட்டோவை எப்போது அனுப்புவது என்பதும் உரையின் பகுதிதான். காலை பதினொரு மணிக்கு அனுப்பினால் பாட்டிகளும் கோழிகளும் கேட்பார்கள். ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் நல்லவை. காவல் நிலைய அனுமதி வாங்கிவிட வேண்டும். குரலை ஆசிரியரே கொடுப்பதைவிட, ஏற்கனவே பிள்ளையை அனுப்பியிருக்கும் மில் தொழிலாளித் தாய் ஒருவர் பேசினால் ஊர் கூர்ந்து கேட்கும். எண்ணை மட்டும் இரண்டிரண்டு இலக்கமாக, மெதுவாக, இரு முறை.

கடைசியாக, தனியார் உரைகளைப் பார்த்து அரசுப் பள்ளிகளும் எழுதிக்கொள்ளும் ஒரு வரியை அடித்துவிடலாம்: ‘இடங்கள் குறைவு, முந்துங்கள்.’ கல்வி உரிமைச் சட்டப்படி சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுச் சான்றிதழ் கையில் இல்லை என்றும் மறுக்க முடியாது. ஆகஸ்டில் வேலை தேடி ஊருக்கு வரும் குடும்பத்தின் பிள்ளைக்கும் அந்த வகுப்பில் இடம் உண்டு. ஆட்டோவின் கடைசி வரியில் அதைச் சொல்லுங்கள்.